மணல் ஈ கள ஆய்வில் சேரப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

என் அக்கா மகள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி. எல்லை தாண்டி கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்கே ஒரு பேராசிரியர் எல்லையோர ஊர்களின் மாட்டுத் தொழுவங்களில் மணல் ஈ பிடிக்கும் ஆய்வைத் தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டு, "மாமா, லெட்டர் எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்று அனுப்பினாள். பூச்சியியல் ஆய்வகத்தில் சில வருடம் இருந்தவன் நான். இப்படிப்பட்ட கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையும் அப்போது என் தலையில்தான். அதனால் எங்கே கண் நிற்கும், எங்கே தாளைப் புரட்டிவிடுவார்கள் என்று ஓரளவு தெரியும்.

அவள் கடிதத்தில் இரண்டு வரிகளில் என் கண் நின்றது. இரண்டுமே தவறான காரணத்துக்காக.

முதல் வரி: "தேங்கிய நீரில் பெருகும் மணல் ஈக்களை ஒழிப்பது என் லட்சியம்." இது கொசுப் பாடத்தை மணல் ஈ தலையில் கட்டுவது. மணல் ஈ தண்ணீரில் முட்டையிடாது. சாணமும் மட்கிய இலையும் கலந்த ஈரமண், தொழுவத்து மண்சுவரின் வெடிப்பு, தரையின் பொந்து, இவைதான் அதன் பிறப்பிடம். புழுவைத் தேடி மண்ணைச் சலித்தாலும் கிடைப்பது அரிது. அதனால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஈயைப் பிடிக்கிறார்கள். பெயரில் மணல் இருக்கிறதே என்று கடற்கரையைக் குறிப்பிட்டு எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வரி இன்னும் ஆபத்து: "எங்கள் தொழுவத்தில் பிளெபோட்டோமஸ் அர்ஜென்டிபஸ் ஏராளம்." இந்தியாவில் காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது இந்த மணல் ஈ இனம்தான், அது சரி. ஆனால் வெறுங்கண்ணால் பார்த்து இனம் சொல்ல முடியாது. ஈயின் தலையையும் வயிற்றின் கடைசிப் பகுதியையும் தனியே எடுத்து, கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் தொண்டைப் பற்களையும் பெண் ஈயின் விந்துப்பையையும் பார்த்த பிறகே பெயர் வைப்பார்கள். பேராசிரியர் அந்த வரியைப் படித்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வி, "உனக்கு எப்படித் தெரியும்?"

சரி, எழுதியதை மூடிவை, முதலில் ஒரு ராத்திரி பார் என்றேன்.

முதல் வேலை: ஓர் இரவு, நான்கு தாள்

தொழுவம் அவளுடைய இன்னொரு மாமா வீட்டினுடையது என்றாலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளைத் தாள் நான்கு எடுத்து, இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி, மாலை 6 மணிக்குச் சுவர் வெடிப்புக்கு அருகே, தரையை ஒட்டிக் குச்சியில் செருகி வைத்தாள். காலை 6 மணிக்கு எடுத்தாள். எண்ணெய் வழிய வழிய இருந்தால் பூச்சி ஊறிக் கெட்டுவிடும், மெல்லிய பூச்சு போதும்.

அப்புறம் கைலென்ஸ். மணல் ஈ கொசுவைவிடச் சின்னது, 2 முதல் 3 மில்லிமீட்டர். உடம்பெல்லாம் மயிர், சிறகு ஈட்டி முனை மாதிரிக் கூர்மை. சுவரில் உயிரோடு உட்கார்ந்திருந்தால் சிறகை மேலே தூக்கி 'வி' வடிவில் வைத்திருக்கும், விரட்டினால் தத்தித் தத்திப் பறக்கும். குளியலறையில் உட்காருமே, இலை போல அகன்ற சிறகோடு ஒரு குட்டி ஈ, பலரும் ஏமாறுவது அதில்தான். அதன் சிறகு அகலம், உட்கார்ந்தால் கூரை போல மூடிக்கொள்ளும்.

ஒட்டிய பூச்சிகள் 11. அவற்றில் 3 மணல் ஈ மாதிரி இருந்தன. அவ்வளவுதான். அவளுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி. மூன்று என்று எழுதினால் நம்புவார்கள்.

இரண்டாவது வேலை: எதைத் தர முடியும்?

"எந்த வேலையானாலும் செய்வேன்" என்ற வரியை அடித்தேன். இந்த ஆய்வில் வேலை என்பது மாலையில் விளக்குப் பொறியைத் தொங்கவிட்டு விடியலில் எடுப்பது. அந்த நேரத்தில் பஸ் இருக்காது. ஆகவே பேராசிரியருக்கு உண்மையில் வேண்டியது, இரவு அங்கேயே தங்கக்கூடிய ஆள், வீட்டுக்காரரிடம் தமிழிலும் மலையாளத்திலும் பேசி அனுமதி வாங்கக்கூடிய ஆள். அவளிடம் அது இரண்டும் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை!

மூன்றாவது வேலை: ஒரே ஒரு கேள்வி

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊருக்கே தெரியும். மணல் ஈக்குப் பறக்கும் வலு குறைவு, காற்று அடித்தால் பறக்காமல் இடுக்கிலேயே முடங்கும். ஆடியில் பொறி காலியாக இருந்தால் அதை வைத்து ஈயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதைக் கேள்வியாக வைக்கச் சொன்னேன். திருத்தி எழுதிய கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எல்லையோரத் தொழுவங்களில் தாங்கள் நடத்தவுள்ள மணல் ஈ ஆய்வில் களப்பணிக்கு உதவ விரும்புகிறேன்.
>
> சென்ற சனிக்கிழமை இரவு, கொழிஞ்சாம்பாறை அருகே என் மாமாவின் தொழுவத்தில் எண்ணெய் தடவிய நான்கு தாள்களை வைத்தேன். 11 பூச்சிகள் ஒட்டின. அவற்றில் 3 மணல் ஈயாக இருக்கலாம் என நினைக்கிறேன். இனம் காண எனக்குத் தெரியாது. அளவுகோலுடன் எடுத்த படம் ஒன்றை இணைத்துள்ளேன்.
>
> வெள்ளி, சனி இரவுகளில் மாமா வீட்டில் தங்கிப் பொறி வைத்து எடுக்க முடியும். பெற்றோர் சம்மதித்துள்ளனர். தமிழும் மலையாளமும் பேசுவேன். நுண்ணோக்கி வேலை பழக்கமில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். தேர்வு நடக்கும் இரண்டு வாரங்கள் வர இயலாது.
>
> ஒரு சந்தேகம்: காற்று பலமான மாதங்களில் விளக்குப் பொறியில் ஈ குறைந்தால், சுவர் இடுக்கில் வைக்கும் எண்ணெய்த் தாளை அதனுடன் சேர்த்து வைப்பீர்களா?
>
> பத்து நிமிடம் நேரில் சந்திக்க அனுமதி வேண்டுகிறேன்.

"எங்கள் ஊரில் நோய் பரவுகிறது" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டாள். கூடாது. கேரளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிக் குடியிருப்புகளில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது என்பது உண்மை. அதற்காகத் தொழுவத்தில் மூன்று ஈ கிடைத்ததை நோய் என்று எழுதினால் பொய். ஈ இருக்கும் இடமெல்லாம் ஒட்டுண்ணி இருக்காது.

மின்னஞ்சலின் தலைப்பில் "மணல் ஈ களப்பணி: இரண்டாம் ஆண்டு மாணவி, கொழிஞ்சாம்பாறை" என்று போட்டோம். ஊர்ப்பெயர் அங்கே இருப்பது முக்கியம், அவருக்குத் தேவைப்படும் இடமே அதுதான்.

ஒன்பதாம் நாள் ஒரு வரி பதில் வந்தது: "அந்த மூன்றையும் வைத்திருக்கிறாயா?"

வைத்திருந்தாள். தாளிலிருந்து ஈரத் தூரிகையால் எடுத்து, காலி மாத்திரைக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டிருந்தாள். ஊர், தேதி, தொழுவம் என்று துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே இட்டிருந்தாள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்று பென்சிலால் எழுதச் சொன்னது மட்டும் நான்.