கிலுகிலுப்பைப் பெட்டியில் '0-3' தடைக்குறியா? வாங்காதீர்கள்

ஆன்லைனில் கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பையோ டீத்தரோ வாங்குமுன், பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகம், '0-3', குறுக்கே ஒரு கோடு தெரிகிறதா? மூன்று வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். அதே பெட்டியில் '6 மாதம் முதல்' என்றும் போட்டிருந்தால், சோதனையைத் தட்டிக்கழிக்க அந்தக் குறியை ஒட்டியிருக்கலாம். ஐரோப்பிய விதிப்படி கைக்குழந்தைப் பொம்மையில் இந்தக் குறியைப் போடவே கூடாது.

அடுத்து, பொம்மை ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சி.இ. முத்திரை. அசலில் இரண்டு எழுத்துகளும் வட்டத்தின் பகுதிகள். நடுவில் நல்ல இடைவெளி இருக்கும், இரண்டாம் எழுத்தின் நடுக்கோடு சற்றுக் குட்டையாக இருக்கும். நெருக்கி அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். முத்திரை சரியாக இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. பெரும்பாலான பொம்மைகளில் அதைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார், அச்சடிப்பதும் சுலபம்.

அதனால் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, மாடல் அல்லது பேட்ச் எண் ஆகியவற்றைத் தேடுங்கள். பெட்டியில் இவை உள்ள பக்கத்தின் படமே இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். பெட்டி சாய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேராகத் தெரிந்தால் அது கம்ப்யூட்டரில் ஒட்டியதாக இருக்கலாம்.