டோலோ இருக்கும்போது டைலெனால் எதற்கு? வெளிநாட்டில் சளி மாத்திரைப் பெட்டியைப் படிக்கும் முறை

கும்பகோணத்திலிருந்தோ மாயவரத்திலிருந்தோ பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பும் பெரியவர்களின் பெட்டியில் டோலோ 650 அட்டை ஒன்றாவது இருக்கும். அங்கே போய்ச் சளி பிடித்ததும், “இது காய்ச்சலுக்கு, சளிக்குத் தனியாக வேண்டும்” என்று கடையில் ஒரு பெட்டி வாங்குவார்கள். பல பெட்டிகளில் டோலோவில் இருக்கும் அதே மருந்தும் வேறு பெயரில் இருக்கும்.

நம் ஊரில் பாராசிட்டமால். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் அசிட்டமினோஃபென். பாரா-அசிட்டைல்-அமினோ-பீனால் என்ற ஒரே ரசாயனப் பெயரிலிருந்து ஆளுக்கொரு துண்டு வெட்டி ஒட்டிய பெயர்கள்தான் இரண்டும். டோலோ, குரோசின், கால்பால், பனடோல், டைலெனால் எல்லாம் கம்பெனிப் பெயர்கள்.

படி 1: கிளம்பும் முன்

மெடிக்கலில் நாலு மாத்திரை வெட்டி வாங்காதீர்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ பாதியில் போய்விடும். முழு அட்டையாக வாங்கி, பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெட்டியைத் திருப்புங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சளி, இருமல், பகல், இரவு என்ற சொற்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பின்பக்கத்தில் கறுப்புக் கோடு போட்ட கட்டம் இருக்கும். கடையின் இணையப் பக்கத்திலும் இதே விவரம் கிடைக்கும். பகலில் போடும் சளி கேப்சூல் ஒன்றில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
Drug Facts
Active ingredients (in each capsule)
Acetaminophen 325 mg
Dextromethorphan HBr 10 mg
Phenylephrine HCl 5 mg
```

முதல் வரி பாராசிட்டமால். அடுத்தது வறட்டு இருமலுக்கு, மூன்றாவது மூக்கடைப்புக்கு. இந்த அளவு ஒரு கேப்சூலுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். கீழே ‘ஒரு வேளைக்கு இரண்டு’ என்று இருந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும்.

படி 3: கூட்டிப் பாருங்கள்

ஒரு வேளைக்கு இரண்டு கேப்சூல் என்றால் 650 மி.கி. அதாவது ஒரு முழு டோலோ உள்ளே போய்விட்டது. உடம்பு வலிக்கிறதென்று கூடவே ஒரு டோலோ போட்டால் 1,300. ஒரு நாளில் நாலு வேளை இப்படியே போனால் 5,200. பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 4,000 மி.கி. மருத்துவரைக் கேட்காமல் போடும்போது 3,000-க்குள் நிறுத்துவதே என் கணக்கு. தினமும் மது குடிப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், மெலிந்த உடம்புக்காரர்கள் இந்த அளவுக்கும் முன்னாலேயே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மீறிப் போட்டால் உடனே தெரியாது என்பதுதான் பயம். முதல் நாள் குமட்டலோடு போகலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஈரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நஞ்சை முறிக்கும் மருந்தோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு மீறியது தெரிந்தால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1-800-222-1222 நச்சு முறிவு உதவி எண். நாள் முழுக்க இயங்கும்.

படி 4: தனி மருந்தாகவே வாங்குங்கள்

கூட்டு மாத்திரையை நான் பரிந்துரைப்பதில்லை. காய்ச்சல், உடம்பு வலிக்குக் கையில் இருக்கும் டோலோவே போதும். மூக்கடைப்புக்கு உப்புநீர் ஸ்ப்ரே வாங்கலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மூன்றாவது வரியில் உள்ள ஃபினைல்எஃப்ரின் போன்ற மூக்கடைப்பு மருந்துகளை, கடையிலுள்ள மருந்தாளுநரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரவுப் பெட்டியில் தூக்கம் வரவைக்கும் டாக்ஸிலமைன் போன்ற மருந்து பெரும்பாலும் இருக்கும். புராஸ்டேட் தொல்லை உள்ள அப்பாக்களுக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகும் ஒருவர், “அங்கே பாராசிட்டமால் என்றுதானே போட்டிருக்கிறது, எனக்கு இது தேவையா?” என்று கேட்டார். பெயர்க் குழப்பம் இல்லை, கூட்டுக் கணக்கு அங்கேயும் உண்டு. வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் எலுமிச்சைச் சளிப் பொடிகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது; பானம் போல இருப்பதால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்று: அமெரிக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துப் புட்டியில் `APAP` என்று நாலே எழுத்து இருந்தால், அதுவும் இதே மருந்துதான்.