குழுக் கண்காட்சிக் கடை: கல்லாவில் செய்யக்கூடாத தவறுகள்

மகளிர் குழுக் கண்காட்சியில் நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும், சாயங்காலம் எண்ணினால் பணம் குறையும். யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் மனசு கசந்துவிடும். இந்தக் கசப்பு பெரும்பாலும் விலை போடும்போதே தொடங்குகிறது.

அடக்கத்தையும் லாபத்தையும் கூட்டி 47 ரூபாய் என்று விலை வைத்தால், ஒவ்வொருவருக்கும் 3 ரூபாய் சில்லறை தேட வேண்டும். 50 என்று வைத்து, அதற்குத் தக்கபடி எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். இதை லேபிள் அடிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எடையை மாற்றினால் லேபிளும் மாற வேண்டும். விலைச்சீட்டு பொருளுக்கு முன்னால் பெரிய எழுத்தில் இருக்கட்டும். விலை தெரியாதவர்களில் பலர் கேட்காமலேயே நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது, கல்லாப்பெட்டியை முன்மேசையில் வைப்பது. அங்கே பொருள்தான் இருக்க வேண்டும்: உயரமானவை பின்னால், சிறியவை முன்னால். பெட்டி உள்பக்க மூலையில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அவர் பொட்டலம் கட்டப் போகக் கூடாது. 500 ரூபாய் நோட்டு வந்தால் மீதியை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பெட்டிக்குள் போட வேண்டும். அதுவரை இருவர் கண்ணிலும் படும்படி வெளியே இருந்தால், "நான் 500 கொடுத்தேனே" என்ற பேச்சே வராது.

காலையில் 2,000 ரூபாய்ச் சில்லறையோடு போங்கள்: பத்து ரூபாய் 50, இருபது 25, ஐம்பது 10, நூறு 5. இந்தத் தொகையை முதலிலேயே நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் சாயங்காலம் அதுவும் விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். சாம்பார்ப் பொடி 80 கொண்டுபோய் 34 திரும்பியது. 46 பாக்கெட், 60 ரூபாய் வீதம் 2,760. ஊறுகாய் 50 பாட்டிலில் 21 மீதி. 29 பாட்டில், 90 வீதம் 2,610. மொத்தம் 5,370 வர வேண்டும். பெட்டியில் 5,180 இருக்கிறது. சில்லறை 2,000 போக 3,180. ஜிபே போன்றவற்றில் வந்தது 2,010. ஆக 5,190, குறைவது 180, அதாவது சரியாக இரண்டு ஊறுகாய் பாட்டில். யோசித்தால், ருசி பார்க்கத் திறந்து வைத்த இரண்டு பாட்டிலை யாரும் எழுதவில்லை! பெட்டியிலிருந்து டீக்குக் கொடுத்த காசும் இப்படித்தான் மறந்துபோகும். அதனால் சாம்பிளுக்கும் செலவுக்கும் நோட்டில் தனிப் பக்கம் விடுங்கள்.

ஃபோனில் வரும் பணத்தில் இன்னொரு தவறு உண்டு. வாடிக்கையாளர் நீட்டும் திரையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிடுகிறோம். அது பழைய படமாகவோ போலியாகவோ இருக்கலாம். நம் ஃபோனில் வரவு தெரியும்வரை காத்திருங்கள். க்யூ.ஆர். அட்டை உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு உரியது என்றால், அன்றன்றைக்கே வரவுப் பட்டியலை எல்லோர் முன்னாலும் படித்து, குழுக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.