எரியும் கால், மரத்த கால்: இரவு எட்டு மணிக்குச் செய்ய வேண்டிய பாதப் பரிசோதனை

"கால் ரெண்டும் அடுப்புல வச்ச மாதிரி எரியுது. ஆனா செருப்பு கழண்டு விழுந்தது தெரியல." பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நான் வேலை பார்க்கும் பாதச் சிகிச்சைப் பிரிவில் இதை வாரத்துக்கு நான்கு முறையாவது கேட்கிறேன். என் பெரியப்பாவும் இதைத்தான் சொன்னார். அவருக்குச் சர்க்கரை வந்து 18 வருஷம்.

எரிச்சல் இருக்கிறதே, அப்படியென்றால் காலில் உணர்ச்சி நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அது சரியில்லை. சேதமான நரம்பு, வெளியில் எதுவுமே நடக்காதபோதும் தானாகவே எரிச்சலையும் குத்தலையும் மூளைக்கு அனுப்பும். அதே நரம்பு, ஆணி குத்தினால் ஒன்றும் சொல்லாது. எரியும் காலும் மரத்த காலும் பெரும்பாலும் ஒரே கால்தான். சிலருக்குச் சில வருஷம் கழித்து எரிச்சல் அடங்கிவிடும். குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். பல சமயம் அந்த நரம்பு எரிச்சலைக்கூட அனுப்ப முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

இரவு எரிச்சலுக்கு டாக்டர் தரும் மாத்திரை தூங்க உதவும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே எரிச்சல் வரலாம், எனவே அந்த ரத்தப் பரிசோதனையை ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எரிகிறதே என்று ஐஸ் தண்ணீரில் காலை வைக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோய் வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

முதலில்: உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும். அவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், இறகு பட்டது போல, ஒன்று இரண்டு விநாடி மட்டும் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. முதலில் வலது கட்டைவிரல் நுனி, பிறகு வலது சுண்டுவிரல். அடுத்து இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல். கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு இடம். பதில் வராவிட்டால் அதே இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள், தெரியவில்லை என்றே கணக்கில் வையுங்கள்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால், பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்டி உறுதி செய்ய வேண்டும். அவர் மெல்லிய நைலான் இழையால் தொட்டும், அதிரும் இசைக்கவையை விரலில் வைத்தும், பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டும் பார்ப்பார். பெரியப்பாவுக்கு ஆறில் நான்கு தெரியவில்லை. "நீ தொடவே இல்லையே" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

தினமும்: ஐந்து நிமிஷப் பார்வை

வலி சொல்ல வேண்டியதை இனி கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும். நேரத்தை மாற்றாமல் வையுங்கள். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணி, சாப்பாட்டுக்கு முன். நாள் முழுக்க நடந்து முடித்த கால் என்பதால் காலையை விட அப்போது பார்ப்பதே நல்லது. கூடவே இன்னொருவர் இருக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையில் பார்வையும் மங்கியிருக்கும், வயிறு இடிக்கும், குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பது எல்லோராலும் ஆகாது. தனியாக இருக்கிறவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டிப் பார்க்கலாம், அல்லது செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

டியூப்லைட்டுக்கு நேராக உட்கார வைத்து, நல்ல வெள்ளைத் துணியால் பாதத்தைத் துடையுங்கள். வெள்ளை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பிளவில் கசிகிற நீரும் ரத்தமும் துணியில் தெரிந்துவிடும்.

முதலில் உள்ளங்கால். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு, குதிகால் ஆகிய மூன்று இடத்தில்தான் அழுத்தம் அதிகம். அங்கே தோல் காய்த்துத் தடித்திருந்தால் அதைக் கவனியுங்கள். மரத்த காலில் அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும். காய்ப்பின் நடுவில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அதன் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, புண் தயாராகிவிட்டது என்று பொருள். பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்கென்று கடையில் விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

அடுத்து விரலிடுக்கு. ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போய் இருந்தால் அது சேற்றுப்புண், கிருமி உள்ளே போகும் வாசல் அது. துடைத்து உலர வையுங்கள். பித்தவெடிப்புள்ள குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள். மெட்டி போட்டிருக்கும் பெண்களுக்கு அதன் அடியிலும் பார்க்க வேண்டும். விரல் வீங்கினால் மெட்டி இறுகுவது அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக, உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால், தோலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது. சூட்டோடு வீக்கமும் சிவப்பும் சேர்ந்திருந்து, வலி பெரிதாக இல்லாவிட்டால், பாதத்தின் எலும்பே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நடந்தால் பாதத்தின் வடிவமே மாறிப்போகும்.

செருப்பு

மரத்த காலுக்குப் புண் வருவது எப்படி என்பதை வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் உலகத்துக்குக் காட்டினார். வலி தெரியாததால் ஒரே இடத்தில் மிதித்து மிதித்தே சதை நைந்துபோகிறது என்று அவர் கண்டார். இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயாளிகளின் காலைக் காப்பாற்றப் பயன்பட்ட அதே மெத்தென்ற ரப்பர்தான்.

வாங்கும்போது மாலையில் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். கிளம்பும் முன் ஒரு தாளில் நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளைச் செருப்பின் மேல் வைத்தால் மடங்காமல், ஓரம் தாண்டாமல் இருக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். போட்டுப் பார்த்து "இறுக்கமா இல்லையே" என்று சொல்வதை நம்பாதீர்கள். உணர்ச்சி இல்லாதவருக்கு இறுக்கமான செருப்புத்தான் சரியாகப் பொருந்துவது போலத் தெரியும்.

உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். அடிப்பக்கம் ஆணி ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கட்டும். கட்டைவிரலிடுக்கில் மாட்டும் ஹவாய் செருப்பை விட்டுவிடுங்கள், அது கழலாமல் இருக்க விரல் இறுக்கிப் பிடிக்கும், அதில் இடுக்கு உரசிப் புண்ணாகும். புதுச் செருப்பை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் வீட்டுக்குள் போட்டு, கழற்றிச் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். கோவிலுக்குப் போவதானால் கல் சூடேறும் முன், விடியற்காலையில் போங்கள்.

அப்புறம் ஒரு பழக்கம். போடும் முன் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவி, அடியைத் திருப்பிப் பாருங்கள். பெரியப்பா இதைச் செய்யாத ஒரு நாளில்தான் அது நடந்தது.

புண் வந்தால்: பெரியப்பாவின் கதை

பந்தல் பிரித்த இடத்தில் பழைய ஹவாய் செருப்போடு நடந்திருக்கிறார். சின்ன ஆணி ஒன்று அடியில் ஏறிவிட்டது. அதோடே மாலை வரை நடந்தார், படுத்தார், தூங்கினார். காலையில் வீடு துடைத்த பெரியம்மா, தரையில் பழுப்பாக ஒரு கறையைப் பார்த்தார். கட்டைவிரல் மேட்டில் மிளகாய் விதை அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் லேசான சிவப்பு, வலியே இல்லை.

மஞ்சள் வைக்கலாம், காப்பித்தூள் வைக்கலாம் என்று பக்கத்து வீட்டிலிருந்து யோசனை வந்தது. நான் போனில் சொன்னதை மட்டும் செய்யச் சொன்னேன். சோப்பும் ஓடும் நல்ல தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவுவது, சுத்தமான காஸ் துணியால் மூடுவது, சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுவது, காலை ஊன்றாமல் வண்டியில் வருவது. கோட்டைத் தாண்டிச் சிவப்பு போனால் கிருமி பரவுகிறது என்று தெரிந்துவிடும்.

டாக்டர் ஓரத்தில் இருந்த கெட்டித் தோலை வெட்டி எடுத்ததும், வெளியே தெரிந்ததை விட உள்ளே குழி பெரிதாக இருந்தது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உலோகத் துண்டு ஏதும் இருக்கிறதா, எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சர்க்கரை 312 இருந்தது. அதற்கு இன்சுலின் தொடங்கினார்கள். ஆனால் குணமாக்கியதில் பெரும்பங்கு, அந்த இடத்தில் எடை படாமல் வைத்ததுதான். அவருக்கு வலியில்லாததால் பாத்ரூம் வரைதானே என்று எழுந்து நடப்பார். அந்த நாலு எட்டே புதிதாக வளரும் தோலைக் கிழிக்கும். ஐந்து வாரத்தில் மூடியது.

மரத்த காலில் கொப்புளமோ கீறலோ தோல் கிழிசலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். சிவப்பு பரவுவது, சீழ், துர்நாற்றம், கறுப்பாகும் விரல், குளிர்காய்ச்சல், வெளுத்துச் சில்லிட்ட பாதம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை திடீரென ஏறினாலும், இதுவரை வலிக்காத கால் புதிதாக வலித்தாலும் அதையே செய்யுங்கள். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியடைய முடியாது, நீண்ட நாள் சர்க்கரையில் ஆழமான சீழ் இருந்தும் காய்ச்சல் வராமல் போவதுண்டு.

புண் ஆறிய காலில், முதல் வருஷத்துக்குள்ளேயே பத்தில் நான்கு பேருக்கு மறுபடி புண் வருகிறது. அதனால் பெரியப்பாவின் கட்டைவிரல் மேட்டைப் பெரியம்மா இப்போதும் தினமும் இரவு எட்டு மணிக்குத் தடவிப் பார்க்கிறார். போன மாதம் அங்கே மறுபடி காய்ப்பு தெரிந்தது. மறுநாளே கூட்டி வந்தார்கள், சீவிவிட்டு, அமுங்கித் தட்டையாகிப்போன எம்.சி.ஆர். அட்டையை மாற்றி அனுப்பினோம்.