வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தீபாவளிக் கடிதம்: எந்த வரி எங்கே குத்துகிறது

சில வருடங்களுக்கு முன், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்கித் துடைக்கும் அக்காவுக்குத் தீபாவளிக்கு ஒரு புடவையும், கூடவே நாலு வரிக் கடிதமும் கொடுத்தேன். மனசார எழுதியதுதான். அதில் ஒரு வரி: "நீங்கள் எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி." இரண்டு நாள் கழித்து அக்கா வேலைக்கு நடுவே சாதாரணமாகச் சொன்னார்: "லெட்டரைப் பாப்பாதான் படிச்சுச் சொல்லுச்சு. அப்ப ஏம்மா அங்க ஒரு நாளும் சாப்பிடாம வர்றேன்னு கேக்குது." அவருடைய மகள் அப்போது எட்டாம் வகுப்பு. குறையாகச் சொல்லவில்லை, பிள்ளை கேட்டதை அப்படியே சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தை மறக்காமல் எழுதுகிறேன். நாம் கொடுக்கும் கடிதத்தை அவர் மட்டும் படிப்பதில்லை. அது அவர் வீட்டுக்குப் போகும். மகளோ மகனோ சத்தமாகப் படிப்பார்கள், கணவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் வரை கேட்பார்கள். அத்தனை பேர் நடுவில் அவருக்குச் சங்கடம் தரக்கூடிய வரி எதுவும் அதில் இருக்கக் கூடாது. நாம் செய்கிற தவறுகள் முக்கால்வாசியும் இதை நினைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் தவறு கவர் மேலேயே தொடங்கிவிடுகிறது. "வேலைக்கார அம்மாவுக்கு", "ஆயாவுக்கு", இல்லையென்றால் பெயரே இல்லாத கவர். வருடக்கணக்கில் வீட்டுக்குள் வந்து போகிறவரின் முழுப் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. கடிதம் எழுதுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்: "அக்கா, உங்க பேரை எப்படி எழுதணும்?" நாம் "மல்லி" என்று கூப்பிடுகிறவர் ரேஷன் கார்டில் மல்லிகாவாக இருப்பார். கவரில் முழுப் பெயரும், கடிதத்துக்குள் "அன்புள்ள மல்லிகா அக்கா" என்றும் இருந்தால் போதும். அவர் உங்களைவிடச் சின்னவர் என்றால் அக்கா போட வேண்டியதில்லை, "அன்புள்ள மல்லிகா" என்றே எழுதலாம். ஆனால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு வினையும் "நீங்கள்" என்பதற்கு ஏற்ப இருக்கட்டும். வாயால் "வா, போ" என்று பழகிப்போன வீடுகளில் முதல் வரியில் "நீங்கள்" என்று தொடங்கி மூன்றாவது வரியில் "நீ வந்ததிலிருந்து" என்று கை தானாக எழுதிவிடும். எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

வாழ்த்தும் இதே மாதிரிதான். அவர் வயதில் பெரியவராக இருக்கும்போது "எங்கள் ஆசிகள்" என்று எழுதினால், சம்பளம் தருவதாலேயே நாம் பெரியவர்களாகிவிட்டோம் என்ற தொனி வந்துவிடும். "தீபாவளி வாழ்த்துகள்" என்பது எல்லா வயதுக்கும் பொருந்தும். அவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால், உங்கள் பண்டிகைக்கு அவரை வாழ்த்துவதைவிட அவருடைய கிறிஸ்துமஸுக்கோ ரம்ஜானுக்கோ இதே கவரைக் கொடுப்பதுதான் அழகு. போனஸ் பணம் அவருக்கு எந்தப் பண்டிகைக்கு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் தயங்காமல் சொல்வார்.

அடுத்தது, பாராட்டு என்று நினைத்து எழுதும் வரிகள். இதில்தான் நல்ல மனசுக்காரர்களும் சறுக்குகிறார்கள். "இத்தனை வருடத்தில் ஒரு பொருளைக்கூட நீங்கள் தொட்டதில்லை" என்று ஒரு வரி எழுதுகிறோம். நமக்கு அது நன்றி. அவர் வீட்டில் மகன் படிக்கும்போது கேட்பது வேறு: இத்தனை வருடமும் எடுப்பாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நம் அலுவலகத்தில் மேனேஜர் நம்மைப் பார்த்து, "ஆபீஸ் பணத்தில் கை வைக்காததற்கு நன்றி" என்று கார்டு தந்தால் எப்படி இருக்கும்? நேர்மை, விசுவாசம் இரண்டையும் இந்தக் கடிதத்தில் பேச வேண்டாம். "உங்கள் நிலைமை தெரியும்", "கஷ்டப்படுகிற குடும்பம்" போன்றவையும் வேண்டாம். கஷ்டம் அவருக்குத் தெரியும். அதை நம் கையெழுத்தில் அவர் பிள்ளைகள் படிக்க வேண்டியதில்லை.

"எங்கள் வீட்டில் ஒருத்தி" என்ற வரியைப் பற்றி என் மனசு மாறியதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். தனி டம்ளர், தனித் தட்டு, உட்காரத் தரை, லீவு எடுத்தால் சம்பளப் பிடித்தம் என்று இருக்கும் வீட்டிலிருந்து அந்த வரி போனால், அது உண்மை இல்லை என்று அவருக்கு உடனே தெரியும். அதெல்லாம் இல்லாத வீட்டிலும் அது அவருடைய வேலையைச் சொந்தக்கார உதவியாக மாற்றிவிடுகிறது. அவர் உதவ வரவில்லை, வேலை பார்க்க வருகிறார். அந்த வேலையை நன்றாகச் செய்கிறார் என்பதைச் சொன்னாலே போதும்.

சரி, எதைத்தான் பாராட்டுவது? உங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு சம்பவம். "ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கேட்காமலே கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்." "பாட்டிக்கு முதுகு வலி என்று தெரிந்து, தண்ணீர்க் குடத்தை அவர் தூக்கும் முன்னாடியே எடுத்து வைப்பீர்கள்." இப்படி ஒரு வரி இருந்தால், அம்மா வேலை பார்க்கும் இடத்தில் எப்படி இருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். அது அவர்களுக்குப் பெருமை. "உங்கள் சேவைக்கு நன்றி" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

இனிப் பணம். போனஸும் அன்பளிப்பும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே கவரில் போட்டு "எங்கள் சிறிய அன்பளிப்பு" என்று எழுதினால், அவருடைய பணத்தையே பரிசாகக் கொடுத்தது போல ஆகிவிடும். 1965-இல் வந்து 2025 வரை நடைமுறையில் இருந்த போனஸ் சட்டம் நிறுவனங்களுக்கானது. அதில் குறைந்தபட்ச போனஸ் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, சுருக்கமாக ஒரு மாதச் சம்பளம். வீடுகளை அது கட்டுப்படுத்தவில்லை என்றாலும், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று பல வீடுகளில் இருக்கும் வழக்கமும் அதே கணக்குதான். ஆகவே அதைப் போனஸ் என்றே எழுதுங்கள். "இனாம்" என்று எழுதாதீர்கள், இனாம் என்றால் சும்மா கொடுத்தது. போன மாதம் வாங்கிய 1,500 ரூபாய் அட்வான்ஸை இதில் கழித்துக்கொண்டு மீதியைக் கவரில் வைப்பதும் வேண்டாம். அந்தக் கணக்கைச் சம்பள நாளில் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பணத்தோடு புத்திமதியும் போகக் கூடாது. "வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள்" என்று எழுதினால், அதை அந்த வீட்டுக்காரர் முன்னாலேயே பிள்ளை படிக்கப்போகிறது. "இனி லீவு போடாமல் வாருங்கள்" என்பதும் அப்படித்தான். வாழ்த்தில் நிபந்தனை வந்தால் அது வேலை ஒப்பந்தம் ஆகிவிடும்.

சொற்களில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களை யார் யாரிடம் கேட்கும்போது சொல்வார்கள் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது: தாழ்ந்தவர் சொல்வது ஈ, சமமானவர் சொல்வது தா, உயர்ந்தவர் சொல்வது கொடு. இன்றைக்கு அந்தப் பிரிவு அப்படியே இல்லை. ஆனாலும் எதிரில் இருப்பவரிடம் "தருகிறோம்" என்று சொல்லும்போது வரும் நெருக்கம் "கொடுக்கிறோம்" என்பதில் இல்லை. "இந்தப் புடவையைத் தருகிறோம்" என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் காதில் விழும். "வைத்துக்கொள்ளுங்கள்" என்பது இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. "ஏதோ எங்களால் முடிந்தது" என்பதும் தேவையில்லை.

என் பழைய கடிதத்தைத் திருத்தினால் எப்படி வரும் என்று காட்டுகிறேன். அன்று எழுதியது இது:

"மல்லிகாவுக்கு, தீபாவளி நல்வாழ்த்துகள். நீங்கள் எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி. இத்தனை வருடம் நம்பிக்கையாக இருந்ததற்கு நன்றி. ஏதோ எங்களால் முடிந்த சிறிய பரிசு. வரும் வருடமும் இதேபோல் ஒழுங்காக வர வேண்டும்."

இப்போது எழுதுவது இது:

"அன்புள்ள மல்லிகா அக்கா, உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள். ஜூன் மாதம் அம்மா கீழே விழுந்தபோது, நாங்கள் வரும்வரை நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. வெள்ளைக் கவரில் இந்த வருடப் போனஸ் இருக்கிறது. பையில் இருக்கும் புடவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து உங்களுக்காக வாங்கியது. நிறம் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், கடை ரசீது உள்ளே இருக்கிறது. பண்டிகை அன்றும் மறுநாளும் உங்களுக்கு லீவு, சம்பளம் பிடிக்க மாட்டோம். அன்புடன்,"

இதன் கீழே வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரும், குழந்தைகள் பெயரும் அவர்கள் கையெழுத்திலேயே. லீவை எழுத்தில் கொடுத்தது காரணமாகத்தான். வாயால் சொன்ன லீவு பண்டிகைக்கு முதல்நாள் "ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிடுங்களேன்" என்று மாறிவிடும்.

புடவையைப் பற்றி ஒன்று. தீபாவளி காலையில் கொடுத்தால் அது அன்றைக்குக் கட்டிக்கொள்ளப் பயன்படாது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போதே தையல்காரர்கள் புது ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரம் முன்னாடியே புடவையையும் பிளவுஸ் தைக்கும் கூலியையும் சேர்த்துத் தாருங்கள். கூலி இல்லாத புடவை அவருக்கு ஒரு செலவு. பழைய துணியையோ மீந்த பலகாரத்தையோ அதே பையில் போடாதீர்கள். பழைய துணி கொடுக்கும் வழக்கம் இருந்தால் அது இன்னொரு நாள், கேட்டுவிட்டு.

அவருக்கோ வீட்டில் யாருக்குமோ படிக்க வராது என்றால் கடிதம் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். இதே வரிகளை நேரில் சொல்லுங்கள், கவரில் கடிதத்தையும் வையுங்கள். அவர் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போது நீட்டாமல், வேலை முடிந்து கை துடைத்தபின் நாற்காலியில் உட்காரச் சொல்லி இரண்டு கையாலும் தாருங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

பண்டிகை முடிந்து வரும்போது அக்கா ஒரு தூக்கில் அதிரசமோ முறுக்கோ கொண்டுவருவார். "எங்களுக்கு எதுக்கு அக்கா, பிள்ளைகளுக்கு வையுங்க" என்று மறுக்காதீர்கள். அவர் முன்னாலேயே ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள். தூக்கைக் கழுவி, சும்மா திருப்பாமல் உங்கள் வீட்டுப் பலகாரம் நாலு போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.