ஜெர்மனியில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரர் எவ்வளவு கேட்கலாம்?

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பலருக்கு முதல் வீடு நிலைப்பதில்லை. சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்கு மாறுவதற்காகப் பழைய வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தேதி வந்துவிடும், புது வீட்டிலோ பெயின்ட் வேலை முடிந்திருக்காது. "பத்து நாள்தானே, அதே வாடகையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம்" என்று நினைத்துத் தங்கிவிடுகிறார்கள். அப்புறம் வீட்டுக்காரரிடமிருந்து நுட்சுங்ஸ்என்ட்ஷேடிகுங் என்ற தலைப்போடு ஒரு கடிதம் வருகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்ததற்கான பணம் அது.

ஜெர்மன் சிவில் சட்டத்தின் 546ஏ பிரிவு வீட்டுக்காரருக்கு இரண்டு வழி தருகிறது. பழைய வாடகையையே அவர் கேட்கலாம். அல்லது அதே போன்ற வீட்டுக்கு அந்த ஊரில் நடப்பில் உள்ள வாடகையைக் கேட்கலாம். இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்த இரண்டாவது தொகையை எப்படி அளப்பது என்பதை 2017 ஜனவரி 18 அன்று கார்ல்ஸ்ருவேயில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. மியூனிக்கில் ஒரு குடும்பம், வீட்டுக்காரர் தனக்கு வீடு வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்த பிறகும், ஒரு வருடத்துக்கு மேல் பழைய வாடகையையே கட்டிக்கொண்டு இருந்தது. குடியிருப்பவரின் வாடகையை உயர்த்தும்போது பயன்படுத்தும் ஒப்பீட்டு வாடகை இதற்குப் பொருந்தாது, இன்றைக்குப் புதிதாக ஒருவருக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் அளவு என்றது தீர்ப்பு. மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்களில் இந்த வித்தியாசம் பெரியது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது. பழைய வாடகை 900 யூரோ, இன்றைய சந்தை வாடகை 1,200 யூரோ. நீங்கள் ஏப்ரல் 12 அன்று சாவியைக் கொடுக்கிறீர்கள். பணம் சாவி கொடுத்த நாள் வரைக்கும்தான், மாதம் முழுவதற்கும் இல்லை. 30 நாளில் 12 நாள் என்றால் பழைய வாடகைப்படி 360 யூரோ, சந்தை வாடகைப்படி 480 யூரோ. ஏப்ரல் முழுவதற்கும் 1,200 யூரோவை டெபாசிட்டிலிருந்து பிடித்தால், தேதியைக் காட்டி மீதியைக் கேளுங்கள்.

ஆனால் உண்மையான பயம் அடுத்து குடிவர இருந்தவர் பக்கம் இருக்கிறது. அவர் வீட்டுக்குள் வர முடியாமல் ஹோட்டலில் தங்கினால், அந்தச் செலவு வீட்டுக்காரர் வழியாக உங்கள் தலையில் விழலாம். வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்திருந்தால், இப்படிப்பட்ட கூடுதல் நஷ்டத்தில் குடியிருப்பவரிடம் எவ்வளவு கேட்பது நியாயம் என்று நீதிமன்றம் பார்க்கும். நீங்களே நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையில்தான் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தேதி முடிந்தும் நீங்கள் தொடர்ந்து குடியிருந்து, இரண்டு வாரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால், 545 பிரிவின்படி ஒப்பந்தம் காலவரையின்றி நீண்டுவிடும். அப்புறம் வெளியேற மறுபடியும் மூன்று மாத நோட்டீஸ் வேண்டும். பல ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவு பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும். அது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆகவே சில நாள் தேவைப்பட்டால், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். ஏப்ரல் 12 வரை மட்டும், நாளுக்கு 30 யூரோ, ஒப்பந்தம் நீளாது என்ற மூன்று விஷயங்களும் அதில் இருக்கட்டும். வீட்டுக்காரர் "சரி" என்று எழுதி அனுப்பினால் போதும். தொலைபேசியில் சொன்னதை யாரும் நிரூபிக்க முடியாது.

வீட்டைக் கொடுத்த நாளை நிரூபிப்பதும் உங்கள் வேலை. வீடு ஒப்படைக்கும் பத்திரத்தில் தேதி, மின்சார மீட்டர் காட்டும் அளவு, எத்தனை சாவி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தபால்பெட்டிச் சாவியும் நிலவறைச் சாவியும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தவை. நிலவறை நிறைய சாமானை விட்டுப் போனால், வீட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை என்று அவர் வாதிட இடம் கிடைக்கும். சுவரில் பெயின்ட் அடிக்கவில்லை என்பது வேறு பிரச்சினை. அதற்காக இந்தப் பணத்தைக் கேட்க முடியாது.

நீங்கள் இன்னும் உள்ளே இருக்கும்போது வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றவோ சாமானை வெளியே வைக்கவோ முடியாது. பணம் பாக்கி இருந்தாலும், தேதி தாண்டியிருந்தாலும், அதற்கு நீதிமன்றத் தீர்ப்பும் அமலாக்க அதிகாரியும் வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் ஊரில் உள்ள கீழமை நீதிமன்றமான அம்ட்ஸ்கெரிஷ்ட்டில் அவசரத் தடை உத்தரவு கேட்டு, அன்றைக்கே மனு கொடுக்கலாம்.