நண்டு வந்தான்

மண்டபம் ஊரில் மீன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் சேர்ந்த புதிதில் நான் வாயே திறக்கமாட்டேன். கணக்குப் பிரிவில் மலையாளம், பேக்கிங்கில் இந்தி. ஒருநாள் "மச்லி ஆயா" என்றேன். இந்தியில் மீன் பெண்பால், "ஆயீ" என்று வர வேண்டுமாம். சிரித்துவிட்டார்கள். அதோடு சரி, தலையாட்டலிலேயே காலம் போனது.

அந்தத் தலையாட்டல்தான் வினையானது. பீகார்காரர் ஒருவர் ஐஸ் லாரியைப் பற்றி "காடி கல் ஆயேகி" என்றார். 'கல்' மட்டும் காதில் விழுந்தது. அதற்கு நேற்று என்றும் பொருள், நாளை என்றும் பொருள். வினைச்சொல்லை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆயேகி என்றால் வரும். நான் நேற்றே வந்துவிட்டது என்று எழுதிவிட்டேன். மறுநாள்வரை இறால் பெட்டிகள் ஐஸுக்காகக் காத்துக் கிடந்தன.

அப்புறம் அவரிடமே போனேன். "பையா, நான் கேட்டதைத் திருப்பிச் சொல்வேன். நாள், எண்ணிக்கை தப்பினால் மட்டும் நிறுத்துங்கள், ஆண்பால் பெண்பாலை விட்டுவிடுங்கள்" என்றேன். அன்றிலிருந்து 'கல்' என்று வந்தால் கிழமையையும் சேர்த்துக் கேட்பேன்: "கல், புதன்?" உடைந்த இந்திதான், ஆனால் லாரி சரியான நாளில் வந்தது.

அவரும் தமிழ் பழக ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, நண்டு வந்தான்!" என்றார். "வந்துச்சு" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேருமே சிரித்தோம். போனில் பேசும்போது மட்டும் எனக்கு இன்னும் நடுக்கம்தான், முகம் தெரியாதே.